இரு பக்கமும் ஒலித்த டையோடு: ஒரு டனல் டையோடின் வளைகோட்டைக் கையால் அளந்த பதிவு

கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டு மாடியில் இருக்கும் பணிமேசைக்குச் சென்ற மாதம் ஒரு பழைய அலைவரைவி வந்து சேர்ந்தது. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி கழித்துக்கட்டிய கருவிகளுள் அதுவும் ஒன்று. வாங்கியவர் எல்லைக்கு அந்தப் பக்கம் வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்க்கும் என் நண்பர். திரையில் அலை நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. எந்தக் குமிழைத் திருப்பினாலும், அலையைத் திரையில் நிறுத்திப் பிடிக்கும் டிரிகர் பிடிக்கவில்லை. அந்தப் பலகையில் தகரத் தொப்பி போட்ட சிறிய டையோடு ஒன்றை அவர் ஏற்கெனவே கழற்றி, நெகிழிப் பையில் போட்டு வைத்திருந்தார்.

"ரெண்டு பக்கமும் பீப் அடிக்குது சார். டையோடு ஷார்ட். இதுதான் கோளாறு, ஆனா இதுக்கு மாற்று எங்கயும் கிடைக்கல."

நானும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்: டையோடு சோதனை நிலையில் ஒரு பக்கம் 6 மில்லிவோல்ட், திருப்பி வைத்தால் 5. சாதாரண டையோடாக இருந்தால் குப்பைக்குத்தான் போயிருக்கும். ஆனால் சுற்றுப்படத்தில் அதன் குறியீடு டனல் டையோடு என்று காட்டியது. உச்ச மின்னோட்டம் 4.7 மில்லிஆம்பியர் கொண்ட ஜெர்மானிய வகை. அப்படியானால் இரு பக்கமும் ஒலிப்பது கோளாறு அல்ல, அதன் இயல்பு. மீட்டர் டையோடு சோதனையில் செலுத்துவது ஏறக்குறைய 1 மில்லிஆம்பியர்தான். அந்த மின்னோட்டத்தில் இந்த டையோடு ஐந்தாறு ஓம் மின்தடையைப் போலவே நடந்துகொள்ளும். ஆகவே இது நல்லதா கெட்டதா என்று மீட்டர் முள்ளையோ பீப் ஒலியையோ வைத்துச் சொல்ல முடியாது. முழு வளைகோட்டையும் அளந்தாக வேண்டும். (பழைய முள் மீட்டரின் `×1` ஓம் நிலையில் மட்டும் இதை வைத்துவிடக் கூடாது. சில மீட்டர்கள் அந்நிலையில் 100 மில்லிஆம்பியருக்கு மேல் செலுத்தும். அளக்கும்போதே டையோடு போய்விடும்.)

முதல் முயற்சியில் நான் சோம்பலாகத்தான் தொடங்கினேன். 5 வோல்ட் மின்வழங்கி, பத்துச் சுற்றுப் பொட்டென்ஷியோமீட்டர், அதன் பின் 1 கிலோஓம் மின்தடை, அதற்குத் தொடரில் மில்லிஆம்பியர் மீட்டர், கடைசியில் டையோடு. மின்னோட்டத்தை மெல்ல ஏற்றினேன். மின்னழுத்தம் 20, 40, 60 மில்லிவோல்ட் என்று ஒழுங்காக ஏறியது. 4.6 மில்லிஆம்பியரைத் தொட்டதும், குமிழை நான் தொடாமலேயே, 66 மில்லிவோல்ட்டில் இருந்த எண் ஒரே தாவலில் 468 ஆனது. அங்கிருந்து மின்னோட்டத்தை இறக்கினால் எண் மெல்லக் குறைந்தது. 350 மில்லிவோல்ட், 0.6 மில்லிஆம்பியர் அருகே வந்ததும் ஒரே வீழ்ச்சியாக 4 மில்லிவோல்ட்டுக்குப் போனது. இடைப்பட்ட 66 முதல் 350 வரையிலான பகுதியில் ஓர் அளவீடுகூட எடுக்க முடியவில்லை.

டையோடு உயிரோடுதான் இருக்கிறது என்பதற்கு இந்தத் தாவலே போதிய சான்று. அலைவரைவியில் அதற்குக் கொடுக்கப்பட்ட வேலையும் இதுதான்: உள்ளீட்டு அலை ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டும் கணத்தில் சட்டென்று தாவி, கூர்மையான ஒரு விளிம்பைத் தருவது. ஆனால் தாவலுக்கு இடையில் மறைந்துகிடக்கும் பகுதியைத்தான் நான் பார்க்க விரும்பினேன். அதில்தான் மின்னழுத்தத்தை ஏற்றினால் மின்னோட்டம் குறைகிறது.

ஏன் குறைய வேண்டும் என்பதை மேற்கொண்டு அளப்பதற்கு முன்பே ஒருமுறை தாளில் வரைந்து தெளிவுபடுத்திக்கொண்டேன். சாதாரண டையோடில் மாசு அணுக்கள் கன சென்டிமீட்டருக்கு 10¹⁵ முதல் 10¹⁷ வரை இருக்கும்; டனல் டையோடில் 10¹⁹-க்கும் மேல். ஜெர்மானியத்தில் கன சென்டிமீட்டருக்கு 4.4×10²² அணுக்கள் உள்ளன என்பதால், ஏறக்குறைய ஆயிரம் அணுக்களுக்கு ஒன்று மாசு அணு என்று கொள்ளலாம். இதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. ஒன்று, சந்தியின் இயக்கமில்லாப் பகுதி 10 நானோமீட்டர் அளவுக்கு ஒடுங்கிவிடுகிறது. ஜெர்மானியப் படிகத்தின் அலகுக்கூடு 0.566 நானோமீட்டர், ஆக, பதினெட்டுக் கூடுகள் அடுக்கிய தடிமன்தான் அந்தச் சுவர். எலக்ட்ரான் அதை ஏறிக் கடக்க வேண்டியதில்லை. அதன் அலைச்சார்பு மறுபக்கம் வரை எட்டுவதால் ஊடுருவிப் போகலாம். இரண்டாவது, எலக்ட்ரான்கள் எந்த உயரம் வரை நிரம்பியிருக்கின்றன என்பதைக் காட்டும் ஃபெர்மி மட்டம் ஆற்றல் இடைவெளிக்குள் நிற்காமல், n பக்கத்தில் கடத்தல் பட்டைக்கு உள்ளேயும் p பக்கத்தில் இணைதிறன் பட்டைக்கு உள்ளேயும் போய்விடுகிறது. n பக்கத்தில் கடத்தல் பட்டையின் அடிப்பகுதி எலக்ட்ரான்களால் நிரம்பியிருக்கிறது. P பக்கத்தில் இணைதிறன் பட்டையின் உச்சிப்பகுதி காலியாக இருக்கிறது.

சார்பு மின்னழுத்தம் எதுவும் கொடுக்காதபோது இரு பக்கத்து ஃபெர்மி மட்டமும் ஒரே உயரத்தில் நிற்கும். அந்த மட்டத்துக்குக் கீழே இரு பக்கமும் நிரம்பியவை, மேலே இரு பக்கமும் காலியானவை. நிரம்பியதற்கு எதிரில் காலி இடம் இல்லாததால் நிகர மின்னோட்டமும் இல்லை. முன்னோக்குச் சார்பை 20, 30 மில்லிவோல்ட் கொடுத்தவுடன் n பக்கத்துப் பட்டைகள் முழுவதும் அந்த அளவுக்கு மேலே நகர்கின்றன. இப்போது n பக்கத்தில் நிரம்பியிருக்கும் மட்டங்களுக்கு நேர் எதிரில், அதே ஆற்றலில், p பக்கத்தின் காலி மட்டங்கள் வந்து நிற்கின்றன. ஊடுருவலின்போது எலக்ட்ரானின் ஆற்றல் மாறாது என்பதுதான் இங்கே தீர்மானிக்கும் விதி: சுவர் எவ்வளவு மெலிதாக இருந்தாலும், மறுபக்கம் அதே உயரத்தில் காலி இடம் இருந்தால்தான் எலக்ட்ரான் போக முடியும். மின்னழுத்தம் ஏற ஏற நேருக்கு நேர் நிற்கும் பகுதி பெருகி, மின்னோட்டமும் ஏறுகிறது.

அதற்கு மேலும் ஏற்றினால், n பக்கத்துக் கடத்தல் பட்டையின் அடி p பக்கத்து இணைதிறன் பட்டையின் உச்சியை நெருங்குகிறது. இரு பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருந்த சாளரம் சுருங்குகிறது. சாளரத்துக்கு மேலே போய்விட்ட எலக்ட்ரான்களுக்கு எதிரில் இப்போது இருப்பது p பக்கத்தின் ஆற்றல் இடைவெளி. அங்கே மட்டமே கிடையாது. தள்ளுவிசை கூடியும் போவதற்கு இடம் குறைகிறது என்பதால் மின்னோட்டம் விழுகிறது. ஆகவே எதிர்க்குறி மின்தடை என்பது டையோடு எங்கிருந்தோ ஆற்றலை உண்டாக்குவது அல்ல. மின்னோட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் உள்ள விகிதம் எப்போதும் நேர்க்குறியில்தான் இருக்கிறது. சரிவு மட்டுமே எதிர்க்குறி. சாளரம் முற்றிலும் மூடியபின், மின்னழுத்தம் மேலும் ஏறினால், சாதாரண டையோடின் விரவல் மின்னோட்டம் தொடங்கி வளைகோடு மீண்டும் எழும்புகிறது. 1957-இல் டோக்கியோவில் லியோ எசாகி, அதிக மாசூட்டிய ஜெர்மானியச் சந்திகளில் முதலில் கண்டது இந்த வளைகோட்டைத்தான். 1973-இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது இதற்காகவே.

பின்னோக்குச் சார்பிலும் ஏன் பீப் ஒலித்தது என்பதும் இதே படத்திலிருந்து விளங்கும். பின்னோக்கில் n பக்கப் பட்டைகள் கீழே இறங்குகின்றன. P பக்கத்தின் நிரம்பிய மட்டங்களுக்கு எதிரில் n பக்கத்தின் காலி மட்டங்கள் மேலும் மேலும் வந்துகொண்டே இருக்கின்றன. அந்தத் திசையில் சாளரம் மூடுவதே இல்லை.

இனி அளவீட்டுக்கு வருகிறேன். மறைந்த பகுதியைப் பார்க்க வேண்டுமானால், டையோடுக்குத் தெரியும் மூல மின்தடை, வளைகோட்டின் மிகச் செங்குத்தான சரிவின் மின்தடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இவ்வகை டையோடில் அது 25 முதல் 30 ஓம் வரை. நான் வைத்திருந்ததோ 1 கிலோஓம். தாவாமல் என்ன செய்யும்? ஆகவே டையோடுக்கு இணையாக 4.7 ஓம் மின்தடையைப் போட்டேன். குறைவாக இருந்தால் அவ்வளவும் பாதுகாப்பு என்பது என் கணக்கு.

தாவல் நின்றது, ஆனால் வளைகோடு கோணலாக வந்தது. 80 மில்லிவோல்ட்டுக்கு மேல் மின்னோட்டம் சட்டென்று ஒரு படி இறங்கி, அதன் பின் 250 வரை ஏறக்குறைய தட்டையாக நீண்டு, மறுபடி ஒரு படி இறங்கியது. மீட்டர் கம்பியை விரலால் தொட்டால் எண் மாறியது. மேசை ஓரத்தில் பண்பலை வானொலியில் மலையாளப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குமிழ் அந்தப் பகுதிக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் பாட்டின் மேல் 'உஸ்' என்று இரைச்சல் படர்ந்தது, வெளியே வந்ததும் தெளிந்தது. அதற்குமேல் சந்தேகம் வேண்டியதில்லை: டையோடு அலைவுறுகிறது. நான் நேர்மின்னோட்டத்தை அளப்பதாக நினைத்துக்கொண்டு, பல மெகாஹெர்ட்ஸ் அலைவின் சராசரியை அளந்துகொண்டிருந்தேன். நேர்மின் மீட்டரில் வரும் அந்தத் தட்டைப் படி, பார்ப்பதற்குப் புதிய இயற்பியல் போலத் தோன்றும். அதில் ஏமாறுவது எளிது.

காரணம் கம்பியின் தூண்டல். அலைவின்றி நிற்பதற்கு மூல மின்தடை குறைவாக இருப்பது மட்டும் போதாது. இன்னொரு நிபந்தனையும் உண்டு:

```
R < r      மற்றும்      L < R × r × C
```

இதில் R என்பது இணைத்த மின்தடை, r என்பது எதிர்க்குறிச் சரிவின் அளவு, C என்பது டையோடின் மின்தேக்குத்திறன், L என்பது மின்தடைக்கும் டையோடுக்கும் இடையிலான சிறு வளையத்தின் தூண்டல். r-ஐ 30 ஓம், C-ஐ 25 பிகோஃபாரட் என்று கொண்டால், 4.7 ஓமுக்கு L 3.5 நானோஹென்றிக்குள் இருக்க வேண்டும். கம்பி ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1 நானோஹென்றி; நான் விட்டிருந்த கால்களோ இரு பக்கமும் சேர்த்து 4 சென்டிமீட்டர். இங்கேதான் என் கணக்குத் தலைகீழானது: R-ஐக் குறைக்கக் குறைக்க, தூண்டலுக்குக் கிடைக்கும் இடமும் குறைகிறது. r-ஐத் தாண்டாமல், அதே சமயம் மிகவும் இறங்கிவிடாமல், இடைப்பட்ட மதிப்பே நல்லது. 15 ஓம் என்றால் L 11 நானோஹென்றி வரை இருக்கலாம்.

மறுநாள் 15 ஓம் சில்லு மின்தடை ஒன்றைச் செப்புத் தகட்டில் ஒட்டி, அதன் இரு முனைகளிலும் டையோடின் கால்களை மூன்று மில்லிமீட்டர் மட்டும் விட்டுப் பற்றவைத்தேன். கால்களை வெட்ட மனம் வராததால் மீதியை அப்படியே வெளியே நீட்டி விட்டேன். மின்னோட்டம் போகும் வளையத்தில் அவை இல்லை என்பதால் தீங்கில்லை. ஜெர்மானியம் சூடு தாங்காது. ஆகவே ஒவ்வொரு காலையும் குறடால் பிடித்துக்கொண்டு, இரண்டு வினாடிக்குள் பற்றவைப்பை முடித்தேன். மின்னழுத்தம் அளக்கும் மீட்டரின் கம்பிகள் டையோடுக்கு வால் ஆகிவிடக் கூடாது என்பதற்காக, இரண்டு முனைகளிலும் டையோடின் அருகிலேயே தலா ஒரு 1 கிலோஓம் வைத்து, அதற்கப்பால் மீட்டரை இணைத்தேன். மீட்டரின் உள்தடை 10 மெகாஓம் என்பதால் அளவீட்டில் பிழை ஒன்றும் வராது. மூலப் பக்கம் 1 கிலோஓமுக்குப் பதில் 100 ஓம் வைத்தேன். மொத்த மின்னோட்டம் இப்போது 40 மில்லிஆம்பியர் வரை போக வேண்டும்.

இம்முறையில் ஒரு சிக்கல் உண்டு. மீட்டர் காட்டுவது மின்தடைக்கும் டையோடுக்கும் சேர்த்துப் போகும் மின்னோட்டம். மின்தடையின் பங்கைக் கழித்தால்தான் டையோடின் பங்கு தெரியும். 350 மில்லிவோல்ட்டில் மின்தடை வழியே 23 மில்லிஆம்பியருக்கு மேல் போகிறது, டையோடு வழியே அரை மில்லிஆம்பியர் சொச்சம்தான். மின்தடையின் மதிப்பில் ஒரு விழுக்காடு பிழை இருந்தால், டையோடின் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிழையாகிவிடும். ஆகவே டையோடைப் பற்றவைப்பதற்கு முன்பே, அதே இரண்டு மீட்டர்களால், 20.00 மில்லிஆம்பியர் செலுத்தி 298.6 மில்லிவோல்ட் என்று குறித்துக்கொண்டேன்: 14.93 ஓம். மின்தடையின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பியிருந்தால் பள்ளத்தின் ஆழம் தவறாகத்தான் வந்திருக்கும். இரண்டு அளவீட்டுக்கும் ஒரே மீட்டர்கள் என்பதால் அவற்றின் சொந்தப் பிழையும் பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது.

குமிழைத் திருப்பினேன். இம்முறை தாவலும் இல்லை, வானொலியில் இரைச்சலும் இல்லை. மின்தடையின் பங்கைக் கழித்தபின் டையோடுக்குக் கிடைத்தவை: 30 மில்லிவோல்ட்டில் 3.5 மில்லிஆம்பியர், 66-இல் உச்சமாக 4.62, 100-இல் 4.1, 130-இல் 3.2, 160-இல் 2.2, 200-இல் 1.35, 350-இல் பள்ளமாக 0.62. மிகச் செங்குத்தான இடம் 130-க்கும் 160-க்கும் இடையில்: 30 மில்லிவோல்ட் ஏற, 1 மில்லிஆம்பியர் இறங்குகிறது; அதாவது சரிவின் மின்தடை எதிர்க்குறியில் 30 ஓம்.

இந்த எண்களைப் பட்டைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விட மனமில்லை. கவிந்திருக்கும் சாளரத்தின் மொத்த அகலத்தை மின்னழுத்தத்தில் V0 என்று கொள்வோம். V கொடுத்தால் மீதமிருக்கும் சாளரம் V0 − V. பட்டை விளிம்புகளில் மட்டங்கள் அடர்த்தி குறைந்திருப்பதால், எதிரெதிரே நிற்கும் மட்டங்களின் எண்ணிக்கை இந்த மீதத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. இரு பக்க நிரம்பல் வேறுபாடோ V-க்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே

```
I ∝ V × (V0 − V)²
```

என்ற எளிய மாதிரி கிடைக்கிறது. இதன் உச்சம் V0-இல் மூன்றில் ஒரு பங்கில் வரும். என் உச்சம் 66 மில்லிவோல்ட் என்பதால் V0 198 மில்லிவோல்ட். அதாவது இரு பக்கத்திலும் ஃபெர்மி மட்டம் பட்டைகளுக்குள் போயிருக்கும் ஆழங்களின் கூட்டுத்தொகை ஏறக்குறைய 0.2 எலக்ட்ரான்வோல்ட். உச்சத்தை 4.62 என்று பொருத்தினால் 30 மில்லிவோல்ட்டுக்கு 3.4, 100-க்கு 3.9 என்று மாதிரி தருகிறது. அளவீட்டோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆனால் 160-க்கு அது தருவது 0.9 மட்டுமே, நான் அளந்தது 2.2. மேலும் 200-இல் சாளரம் மூடி மின்னோட்டம் சுழியாகியிருக்க வேண்டும், இங்கோ 1.35 ஓடுகிறது.

இந்த மிகுதியை அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிட முடியாது. டனல் டையோடின் 'மிகை மின்னோட்டம்' என்று சொல்லப்படுவது இதுதான். ஆயிரத்துக்கு ஒன்று என்று மாசு அணுக்களைத் திணித்த படிகத்தில் பட்டையின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் இருப்பதில்லை. இடைவெளிக்குள் வால் போல நீள்கிறது. இடைவெளிக்குள் மாசுகளாலும் குறைகளாலும் உண்டான தனி மட்டங்களும் இருக்கின்றன. எலக்ட்ரான் அவற்றைப் படிக்கற்களாகப் பயன்படுத்தி, ஆற்றலைக் கொஞ்சம் இழந்தும் கொஞ்சம் ஊடுருவியும் மறுபக்கம் சேர்கிறது. பள்ளம் சுழியைத் தொடாததும், அது 198-இல் இல்லாமல் 350 வரை தள்ளிப்போனதும் இதனால்தான். உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள விகிதம் எனக்கு ஏழரை. ஜெர்மானிய வகைக்கு இது நல்ல நிலை. சூடுபட்டோ அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தோ கெட்டுப்போன டையோடில் முதலில் உயர்வது இந்தப் பள்ளத்து மின்னோட்டம்தான் என்பதால், டையோடின் உடல்நிலையை உச்சத்தைவிடப் பள்ளமே சரியாகச் சொல்லும்.

ஊடுருவல் மின்னோட்டத்தையும் விரவல் மின்னோட்டத்தையும் பிரித்துக் காட்ட ஒரு சின்னச் சோதனையும் செய்தேன். எதிர்வீட்டு மீன் வியாபாரியிடம் ஒரு கட்டி ஐஸ் வாங்கி, டையோடைப் பலகையோடு நெகிழிப் பையில் கட்டி அதற்குள் வைத்தேன். அறையில் 34 பாகை, பைக்குள் 2 பாகை. உச்ச மின்னோட்டம் 2 விழுக்காடுகூட நகரவில்லை. ஆனால் இணைத்த மின்தடையைக் கழற்றிவிட்டு, மூலப் பக்கம் மறுபடி 1 கிலோஓம் வைத்துத் தாவலை அளந்தபோது, தாவிச் சேரும் இடம் 468-லிருந்து ஏறக்குறைய 500 மில்லிவோல்ட்டுக்கு ஏறியிருந்தது. உச்சத்தை உண்டாக்கும் எலக்ட்ரான்கள் சுவரை ஏறுவதில்லை, ஊடுருவுகின்றன என்பதால் வெப்பம் அவற்றுக்குப் பெரிதாக உதவுவதும் இல்லை, கெடுப்பதும் இல்லை. தாவிச் சேரும் கிளையிலோ எலக்ட்ரான்கள் வெப்பத்தின் துணையோடு தடுப்பை ஏறிக் கடக்க வேண்டும்; குளிரில் அதே மின்னோட்டத்துக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது.

டையோடு குற்றமற்றது என்று முடிவானபின், அலைவரைவியின் கோளாறு வேறெங்கோ இருக்க வேண்டும். சுற்றுப்படப்படி 12 வோல்ட்டிலிருந்து 2.7 கிலோஓம் வழியாக டையோடுக்கு ஏறக்குறைய 4.4 மில்லிஆம்பியர் நிலையாக வர வேண்டும். உச்சத்துக்குச் சற்றே கீழே அதை நிறுத்திவைத்து, உள்ளீட்டு அலை தன் பங்கைச் சேர்க்கும்போது தாவச் செய்வதுதான் திட்டம். அந்தக் கார்பன் மின்தடையின் ஒரு முனையைக் கழற்றி அளந்தேன்: 3.6 கிலோஓம். ஆண்டுகள் போகப் போக மதிப்பு ஏறியிருக்கிறது. கிடைத்த நிலை மின்னோட்டம் 3.3 மில்லிஆம்பியர் மட்டுமே. அதற்கு மேல் அலை அதிகபட்சம் 0.8 சேர்த்தாலும் 4.1, உச்சமான 4.62-ஐ எட்ட வழியே இல்லை. டையோடு தாவவேயில்லை, திரையில் அலையும் நிற்கவேயில்லை.

இரண்டு ரூபாய் பெறாத 2.7 கிலோஓம் உலோகப்படல மின்தடையைப் போட்டு, டையோடைக் குறடு பிடித்தபடி அதன் பழைய இடத்திலேயே பற்றவைத்தேன். 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை திரையில் அசையாமல் நின்றது. நண்பரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "அப்ப அந்த டையோடு இப்பவும் ரெண்டு பக்கமும் பீப் அடிக்குமா?" என்பதுதான். அடிக்கும் என்றேன்.